எல்லாம் என் ஃபோனில்தான் இருக்கிறது: மனைவிக்கு எதை எழுதிவைப்பது?

கேள்வி: "திருகோணமலை உவர்மலையில் இருக்கிறோம், எனக்கு 43 வயது. வங்கி, காப்புறுதி, லீசிங், கரண்ட் பில் எல்லாமே என் ஃபோனில்தான் நடக்கிறது. கூட வேலை செய்த ஒருவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. அவருடைய மனைவி சம்பளக் கணக்கில் ஒரு சதம்கூட எடுக்க முடியாமல் அலைகிறார். எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரு கொப்பியில் எழுதி மனைவியிடம் கொடுத்துவிட்டால் போதுமா?"

போதாது. அதைவிட, பாஸ்வேர்ட் கொப்பியில் தொடங்குவதே பிழையான இடத்தில் தொடங்குவது என்று சொல்வேன். நான் பல வருடம் வங்கியில் இருந்தவன், அதில் ஒரு பகுதி இறந்தவர்களின் கணக்குகளைத் தீர்த்துக் கொடுக்கும் மேசையில். அந்த மேசைக்கு வந்த பெண்களில் பாஸ்வேர்ட் தெரியாததால் மாட்டிக்கொண்டவர்கள் மிகக் குறைவு. கணக்கு இருப்பதே தெரியாதவர்கள், கணக்கு தெரிந்தும் அதில் கைவைக்கும் உரிமை இல்லாதவர்கள், இந்த இரண்டு வகையினர்தான் அதிகம். வங்கி பற்றிச் சொல்வதை நம்பிக்கையோடு சொல்கிறேன். சட்டம் பற்றி நடுவில் சொல்வதை ஒரு சட்டத்தரணியிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், நான் சட்டத்தரணி இல்லை.

முதலில் இரண்டு நிலைமைகளைப் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒன்று நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள், ஆனால் பேசவோ கையெழுத்து வைக்கவோ முடியாது. மற்றது நீங்கள் இல்லை. ஆட்கள் இரண்டாவதைத்தான் யோசிக்கிறார்கள், ஆனால் குடும்பம் உடனே முடங்குவது முதலாவதில். காரணம், நாம் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்துவைக்கும் ஏற்பாடுகள் ஒவ்வொன்றும் ஒரு நிலைமைக்கு மட்டுமே வேலை செய்யும். கணக்குக்குப் பின்னுரித்தாளி, அதாவது நாமினி, போட்டிருக்கிறீர்களா? அது நீங்கள் இறந்த பிறகு மட்டும்தான் உயிர் பெறும், தீவிர சிகிச்சைப் பிரிவில் நீங்கள் கிடக்கும்போது அந்த நாமினிக்கு ஒரு அதிகாரமும் இல்லை. உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்கு அதிகாரம் தரும் அட்டர்னித் தத்துவம் கொடுத்திருக்கிறீர்களா? அது நேர் எதிர், நீங்கள் இறந்த நிமிடமே செத்துவிடும். அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கொடுத்தவர் சுயபுத்தி இழந்துவிட்டார் என்று தெரிந்தால் அந்தப் பத்திரத்தை வைத்துக் காசு கொடுக்க வங்கி தயங்கும், பெரும்பாலும் மறுக்கும். அதனால் பக்கவாதத்துக்கு அட்டர்னி இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கவேண்டாம்.

உங்கள் நண்பரின் மனைவிக்கு இப்போது இருக்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். நண்பருக்குச் சுயநினைவு இருந்து, கேட்பது விளங்கித் தலையசைக்க முடிந்தால், வைத்தியரின் கடிதத்தோடு கிளை மனேஜரை நேரில் பாருங்கள். அதிகாரி ஒருவர் வார்டுக்கே வந்து கைநாட்டு வாங்கிக்கொண்டு காசு கொடுக்கும் வழக்கம் உண்டு. அது மனேஜருக்கு மனேஜர் மாறும், ஆனால் கேட்காமல் விடக்கூடாது. சுயநினைவே இல்லை என்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அவருடைய சொத்தைப் பார்க்க ஒருவரை நியமிக்கச் சொல்லவேண்டும். அது நாள்கணக்கில் முடிகிற வேலை இல்லை.

இரண்டு நிலைமைக்கும் பொருந்தும் ஒரே எளிய ஏற்பாடு கூட்டுக் கணக்கு. ஆனால் எல்லாக் கூட்டுக் கணக்கும் இல்லை. கணக்கு திறக்கும்போது நிரப்பிய படிவத்தில் பணம் எடுக்க "இருவரில் ஒருவர்" கையெழுத்துப் போதுமா, "இருவரும் சேர்ந்து" வைக்கவேண்டுமா என்று ஒரு இடம் இருக்கும். கல்யாணமான புதிதில் போய்த் திறந்தவர்கள் கணிசமானோர் இரண்டாவதுக்குச் சம்மதித்திருப்பார்கள், அதுதான் பாதுகாப்பு என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அப்படிப்பட்ட கணக்கு, ஒருவர் கையெழுத்து வைக்க முடியாமல் போன அன்று பூட்டிய பெட்டி. இரண்டு பேர் பெயரும் பாஸ்புக்கில் இருக்கிறதே என்று மனைவி நம்பிக்கொண்டு வருவார், கவுண்டரில் இல்லை என்று சொல்லவேண்டி வரும். உங்கள் கணக்கு எந்த வகை என்று பாஸ்புக்கைப் பார்த்து ஊகிக்காதீர்கள், கிளைக்குப் போய்க் கேளுங்கள். மாற்றுவதென்றால் இருவரும் அடையாள அட்டையோடு போய் ஒரு கடிதத்தில் கையெழுத்து வைத்தால் முடிந்தது.

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொண்டால் விளங்கும். கணவர் சீனக்குடாப் பக்கம் ஒரு தனியார் கம்பனியில் மேற்பார்வையாளர், மனைவி வீட்டில் தையல், இரண்டு பிள்ளைகள். சம்பளம் அவர் பெயரில் மட்டும் உள்ள கணக்குக்கு வருகிறது. கல்யாணத்துக்கு முன் அவர் போட்ட நிலையான வைப்பு ஒன்று இருக்கிறது, அதன் நாமினி அவருடைய தாய். ஆயுள் காப்புறுதி ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டுகிறார். ஆட்டோ ஒன்று லீசிங்கில் எடுத்து மச்சானிடம் ஓடக் கொடுத்திருக்கிறார். மனைவியின் சங்கிலி ஒரு வங்கியில் அடகில் இருக்கிறது, அது மனைவிக்குத் தெரியும், எந்தக் கிளை என்று தெரியாது. வேலைத்தளத்தில் ஒரு சீட்டு. கூட வேலை செய்பவருக்கு வாய்ப்பேச்சில் கொடுத்த கடன் ஒன்று. இது கற்பனைக் குடும்பம்தான், ஆனால் நான் பார்த்தவற்றில் பாதி இப்படித்தான் இருக்கும்.

இந்த மனிதர் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று நாளில் மனைவிக்கு என்ன வேண்டும்? கைக்காசு, கணவரின் ஃபோனைத் திறக்கும் வழி, கம்பனியில் யாரிடம் சொல்வது, மருத்துவக் காப்புறுதி இருந்தால் அதன் அட்டை. அவ்வளவுதான். ஓய்வூதியமோ காணி உறுதியோ அந்த நேரத்துக்குத் தேவையில்லை. ஆகவே உங்கள் கொப்பியின் முதல் பக்கம் இந்த மூன்று நாளுக்கு மட்டும் இருக்கட்டும், நடுங்கும் கையோடு புரட்டுகிற ஒருவர் முதல் பக்கத்திலேயே அதைக் காணவேண்டும்.

கைக்காசுக்கு நான் சொல்லும் ஏற்பாடு: இருவரில் ஒருவர் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கு ஒன்று, அதில் இரண்டு மூன்று மாத வீட்டுச் செலவு. அதற்கான ஏடிஎம் கார்ட் மனைவி பெயரில், மனைவி கையில். சம்பளக் கணக்கிலிருந்து மாதாமாதம் ஒரு தொகை தானாக அங்கே போகும்படி வங்கியில் ஸ்டாண்டிங் ஓர்டர் கொடுத்துவிடுங்கள். நீங்கள் மயக்கத்தில் இருந்தாலும் சம்பளம் வருகிற வரைக்கும் அது ஓடிக்கொண்டிருக்கும், யாரும் யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை. இதற்கு ஒரு காலைப்பொழுது போதும். ஐம்பது பாஸ்வேர்ட் எழுதிவைப்பதைவிட இது பெறுமதியானது.

ஏன் என் ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் கொடுத்துவிட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடக்கிறது, தெரியும். ஆனால் பின் நம்பரை இன்னொருவரிடம் கொடுப்பது வங்கி நிபந்தனைக்கு விரோதம், அந்தக் காசு களவு போனால் வங்கி பொறுப்பேற்காது. அதைவிடப் பெரிய சிக்கல் மரணத்துக்குப் பிறகு வரும். இறந்தவரின் கார்டில் செத்தவீட்டுச் செலவுக்கு என்று எடுத்த காசுக்கு, மாதங்கள் கழித்து மாமியாரோ கணவரின் சகோதரமோ கணக்குக் கேட்பார்கள். ஏடிஎம் எடுப்புக்கு நேரமும் திகதியும் ஸ்டேட்மென்டில் இருக்கும், மரண அத்தாட்சிப் பத்திரத்திலும் திகதி இருக்கும். நியாயமான செலவுக்கு எடுத்த பெண், களவாணி மாதிரி நிற்கவேண்டி வந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்டர்நெட் பேங்கிங் பாஸ்வேர்டுக்கும் இதே கதைதான், ஆகவே அவற்றைக் கொப்பியில் எழுதவேண்டாம்.

சரி, அப்படியானால் எந்தப் பாஸ்வேர்டை எழுதுவது? இரண்டே இரண்டு: ஃபோன் திறக்கும் எண், ஈமெயில். மற்றப் பெரும்பாலானவை, கரண்ட் பில் ஆப் ஆகட்டும் பிள்ளையின் டியூஷன் குழு ஆகட்டும், மறந்துவிட்டது என்று அழுத்தினால் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் புதிய வழி அனுப்பும். ஃபோன் விஷயத்தில் ஆட்கள் விடும் பிழை கைரேகையை நம்புவது. மனைவியின் விரலையும் பதிந்துவைத்திருக்கிறேன், அவவால் திறக்கமுடியும் என்பார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து சார்ஜ் இறங்கி ஃபோன் அணைந்துவிட்டால், திரும்பப் போடும்போது அது விரலை ஏற்காது, எண்ணைத்தான் கேட்கும். ஐஃபோனும் அப்படித்தான், அன்ட்ராய்டும் அப்படித்தான். சிம்முக்குத் தனிப் பின் போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். மூன்று தரம் பிழையாகப் போட்டால் சிம் பூட்டிக்கொண்டு PUK கேட்கும், அந்த எண் சிம் வந்த பிளாஸ்டிக் அட்டையில் இருக்கும், அந்த அட்டையைத்தான் நாம் முதல் நாளே எறிந்துவிடுகிறோம்.

சிம் பற்றி இன்னொன்று, இது முக்கியம். ஏதாவது நடந்துவிட்டால் அந்த நம்பரை உடனே வெட்டவேண்டாம் என்று மனைவிக்குச் சொல்லிவையுங்கள். ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும், கம்பனியும் காப்புறுதி ஏஜண்டும் அந்த நம்பருக்குத்தான் எடுப்பார்கள். ரீலோட் நம்பர் என்றால் நெடுநாள் காசு போடாமல் விட்டால் தானாகவே செத்துவிடும், ஆகவே இடைக்கிடை சிறு தொகை ரீலோட் பண்ணி உயிரோடு வைத்திருக்கவேண்டும். நம்பர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்றும் பாருங்கள். அண்ணனின் அடையாள அட்டையில் பத்து வருடத்துக்கு முன் எடுத்த சிம் என்றால், தொலைந்தால் மாற்று சிம் எடுக்க அண்ணன்தான் போகவேண்டும், அவர் கனடாவில் இருப்பார்.

ஈமெயிலுக்குப் பாஸ்வேர்ட் மட்டும் எழுதினால் போதாது, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு போட்டிருந்தால் கூகுள் இன்னொரு எண் கேட்கும். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் Backup codes என்று இருக்கும். அதில் பத்து எண்கள் தரும், ஒவ்வொன்றும் ஒருதரம்தான் செல்லும். அதை எழுதி அல்லது அச்சிட்டு உறையில் வையுங்கள். அதே கூகுளில் Inactive Account Manager என்று ஒரு வசதி இருக்கிறது, நீங்கள் குறிப்பிட்ட காலம் கணக்கைத் தொடாவிட்டால் நீங்கள் சொன்ன ஆளுக்கு அறிவித்து, நீங்கள் தெரிவுசெய்தவற்றை இறக்கிக்கொள்ள விடும். நல்ல வசதி, ஆனால் மிகக் குறுகிய காலமே மூன்று மாதம், ஆகவே படங்களையும் கடிதங்களையும் காப்பாற்றத்தான் அது, அவசரத்துக்கு இல்லை. ஐஃபோனின் Legacy Contact மரணத்துக்குப் பிறகு மட்டும், மரண அத்தாட்சிப் பத்திரம் கேட்கும், சேமித்துவைத்த பாஸ்வேர்டுகளை அப்போதும் தராது. இந்த எண்களும் குறியீடுகளும் கொப்பிக்குள் வரக்கூடாது. தனி உறையில் ஒட்டி, ஒட்டின இடத்துக்குக் குறுக்கே கையெழுத்து வைத்து, வேறு இடத்தில் வையுங்கள். கொப்பி என்ன இருக்கிறது என்று சொல்லவேண்டும், உறை எப்படித் திறப்பது என்று சொல்லவேண்டும். இரண்டும் ஒரே கையில் அகப்பட்டால்தான் ஆபத்து.

இனிக் கொப்பிக்குள் வருவோம். ஒவ்வொரு கணக்குக்கும் வங்கி, கிளை, கணக்கு எண், தனியா கூட்டா, கூட்டென்றால் எந்த வகை, நாமினி யார், பாஸ்புக் அல்லது சான்றிதழ் வீட்டில் எங்கே இருக்கிறது. மீதித்தொகை எழுதத் தேவையில்லை, அது மாறிக்கொண்டே இருக்கும், எழுதினால் வேறு யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கொப்பியையே ஒளிக்கத் தோன்றும். ஆனால் ஒன்றை எல்லோரும் விடுகிறார்கள்: அந்தக் கணக்கில் உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது. நம் ஆட்களுக்குத் தகப்பன் பெயர் முன்னால் வரும், ஓரிடத்தில் முழுதாக, இன்னோரிடத்தில் முதலெழுத்து மட்டும், ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் ஒரு எழுத்துக்கூட்டல் மற்ற இடத்தில் வேறு. உயிரோடு இருக்கும்போது யாரும் கவனிக்கமாட்டார்கள். இறந்த பிறகு, அடையாள அட்டையில் இருப்பவரும் வைப்புச் சான்றிதழில் இருப்பவரும் ஒருவர்தான் என்று மனைவி சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு, ஜீ.எஸ்ஸிடம் கடிதம் வாங்கிக்கொண்டு நடக்கவேண்டும். இப்போதே நீங்கள் ஒரு கையெழுத்தில் திருத்தலாம். அடையாள அட்டை எண்ணும் அப்படித்தான். 2016 முதல் 12 இலக்கத்தில் வருகிறது, அதற்கு முந்தியது 9 இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்தும். பழைய கணக்குகள் பழைய எண்ணில் கிடக்கும், கொப்பியில் இரண்டையும் எழுதிவையுங்கள்.

நாமினிக்குத் திரும்பினால், நம் உதாரணக் குடும்பத்தில் வைப்பின் நாமினி தாய். கல்யாணம் நடந்துவிட்டது, பிள்ளைகள் பிறந்துவிட்டன, அதனால் தானாக மனைவிக்கு மாறியிருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். வங்கி தானாக எதையும் மாற்றாது, படிவத்தில் இருக்கும் பெயருக்குத்தான் கொடுக்கும். தாய் நல்லவர் என்றால் பிரச்சினை இல்லை, ஆனால் ஏன் அந்தச் சோதனை? தாய் முந்திக் காலமாகிவிட்டால் நாமினியே இல்லாத கணக்கு மாதிரித்தான், பிறகு வாரிசுரிமை நிரூபித்துத்தான் எடுக்கவேண்டும், தொகை பெரிதென்றால் நீதிமன்றம் வரை போகும். வேலைத்தளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கும் நாமினி கேட்டு ஒரு படிவம் நிரப்பியிருப்பீர்கள், வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில், கல்யாணத்துக்கு முன். சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் கம்பனி 12 வீதமும் போகிறது, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கம்பனி தனியாக 3 வீதம். பல வருட வேலைக்கு அது குடும்பத்தின் ஆகப் பெரிய காசாக இருக்கும். உறுப்பினர் இலக்கம், கம்பனியின் இலக்கம் இரண்டும் கொப்பியில் வேண்டும், முன்பு வேலை செய்த கம்பனிகளினதும் சேர்த்து. அரசாங்க வேலை என்றால் இதற்குப் பதிலாக விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கம், அக்ரஹாரக் காப்புறுதி விபரம்.

காப்புறுதியில் கவனிக்கவேண்டியது பொலிசி எண்ணைவிடத் தவணைத் திகதி. நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடக்கும் காலத்தில்தான் தவணை தவறும், பொதுவாக ஒரு மாத அளவில் சலுகைக் காலம் கொடுப்பார்கள், அதற்குப் பிறகு பொலிசி செயலிழந்துவிடும். தேவைப்படும் வேளை பார்த்துக் காப்புறுதி இல்லாமல் போவது இப்படித்தான். அதையும் ஸ்டாண்டிங் ஓர்டரில் போட்டுவிடுங்கள். ஏஜண்டின் நம்பரோடு கம்பனியின் பொது நம்பரையும் எழுதுங்கள், ஏஜண்டுகள் வேலை மாறிக்கொண்டே இருப்பார்கள்.

கடன் பக்கம்தான் கொப்பியில் ஆகப் பிந்தி எழுதப்படும், எழுதவே கூச்சப்படும் பக்கம். வீட்டுக்கடனோ தனிநபர்க் கடனோ எடுத்தபோது வங்கி அதற்கு ஒரு காப்புறுதியும் சேர்த்துப் போட்டிருக்கலாம், கடன்காரர் இறந்தால் மீதிக் கடனை அந்தக் காப்புறுதி கட்டிவிடும், சிலவற்றில் நிரந்தர ஊனத்துக்கும் உண்டு. இது தெரியாமல் தையல் காசில் மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு நானே கோப்பை எடுத்துக் காட்டியிருக்கிறேன். உங்கள் கடன் ஒப்பந்தத்தைப் பார்த்து, காப்புறுதி இருக்கிறதா இல்லையா என்று ஒரே வரியில் எழுதுங்கள். லீசிங் ஆட்டோவுக்கு எந்தத் திகதியில் எவ்வளவு, மச்சான் உங்களுக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதையும் எழுதுங்கள். இரண்டு தவணை தவறினால் வண்டியைத் தூக்க ஆள் வரும். அடகு நகைக்கு வங்கி, கிளை, துண்டின் எண், மீட்க வேண்டிய கடைசித் திகதி. திகதி போனால் ஏலத்துக்குப் போகும், அறிவித்தல் கடிதம் அடகு வைத்தவர் கொடுத்த விலாசத்துக்கு வரும், விலாசம் பழையது என்றால் யாருக்கும் தெரியாமலே நகை போய்விடும்.

சீட்டும் கைமாற்றும் எழுத்தில் இல்லாத காசு. சீட்டுப் பிடிக்கிறவர் யார், மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் முடிந்தது, நீங்கள் எடுத்துவிட்டீர்களா இன்னும் எடுக்கவில்லையா. யாருக்குக் கொடுக்கவேண்டும், யாரிடம் வரவேண்டும் என்பதைத் திகதி போட்டுக் கையெழுத்தோடு எழுதிவையுங்கள். கொடுத்த கடன் திரும்பி வருமா என்பதற்கு இந்தக் குறிப்பு உத்தரவாதம் இல்லை, நீதிமன்றத்தில் எவ்வளவு நிற்கும் என்பது வேறு விஷயம். ஆனால் எட்டுச் செலவு முடிந்த கையோடு "அவர் எனக்கு இவ்வளவு தரவேண்டும்" என்று வந்து நிற்கிறவர்களுக்கு மனைவி பதில் சொல்ல இது உதவும். மரண அறிவித்தல் பார்த்து, வங்கியிலிருந்து பேசுகிறேன் ஓடிபி சொல்லுங்கள் என்று எடுக்கும் கூட்டமும் இருக்கிறது. எந்த வங்கியும் ஓடிபி கேட்காது என்று முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

காணி, வீடு பற்றிக் கொப்பியில் உறுதி இலக்கம், முடித்த நொத்தாரிசு, உறுதி எங்கே இருக்கிறது என்று எழுதினால் போதும். அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி என்றால், நம் மாவட்டத்தில் கந்தளாய், மூதூர், தம்பலகாமப் பக்கம் இது நிறைய, பின்னுரித்து யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லவேண்டும்: கொப்பியில் "வீடு மனைவிக்கு" என்று எழுதினால் அது மரணசாசனம் ஆகாது. மரணசாசனம் என்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சியும், அல்லது நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்து. அது இல்லாமல் இறந்தால் யாருக்கு எவ்வளவு என்பதைச் சட்டம் தீர்மானிக்கும், அந்தச் சட்டமும் எல்லோருக்கும் ஒன்றில்லை. பொதுச் சட்டத்தில் மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. முஸ்லிம்களுக்கு வேறு, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்து தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கு வேறு. திருகோணமலையில் ஒரே ஒழுங்கையில் மூன்று வகையும் இருக்கும், பக்கத்து வீட்டில் நடந்ததை வைத்து உங்களுக்கும் அப்படித்தான் என்று நினைக்கவேண்டாம். உங்களுக்கு எது பொருந்தும் என்பதைச் சட்டத்தரணி சொல்லட்டும்.

எங்கே வைப்பது? உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் வங்கி லொக்கரில் வேண்டாம். நீங்கள் இறந்தது வங்கிக்குத் தெரிந்ததும் அந்த லொக்கரும் கணக்கு மாதிரி மூடப்படும், லொக்கரைத் திறக்கும் வழி லொக்கருக்குள்ளேயே கிடக்கும். வீட்டில் அலுமாரியில் ஒன்று, இன்னொரு பிரதி கடற்கரையிலிருந்து தள்ளி இருக்கும் உறவினர் வீட்டில். 2004 சுனாமிக்குப் பிறகு பாஸ்புக்கும் உறுதியும் அடையாள அட்டையும் ஒன்றாகப் போன குடும்பங்கள் கணக்கு எண்கூடச் சொல்லத் தெரியாமல் கவுண்டருக்கு வந்தார்கள், எங்களிடம் லெட்ஜர் இருந்ததால் தேடிக் கொடுத்தோம், ஆனால் கிளை எது என்றாவது தெரிந்திருக்கவேண்டியிருந்தது. ஃபோனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் மனைவிக்கு அனுப்புவதைப் பிரதி என்று கணக்கெடுக்காதீர்கள், ஃபோன் களவு போனால் கொப்பியும் போனது மாதிரித்தான். கொப்பியில் மாற்றம் வந்தால் பழையதை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் திகதி போட்டுப் புதியதை எழுதுங்கள், அழிக்கவேண்டாம். மூடிய கணக்கு என்று தெரிந்தால்தான் மனைவி அதைத் தேடி அலையமாட்டார். மறந்துபோன பழைய கணக்கு நினைவு வந்தால் அதையும் சேருங்கள், பத்து வருடம் கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்கின் பணம் மத்திய வங்கிக்குப் போய்விடும், உரிமை போகாது, ஆனால் கேட்டு எடுப்பது தனி அலைச்சல்.

எழுதி முடித்ததும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, ஒரு மாதத்துக்குக் கரண்ட் பில், தண்ணீர் பில், லீசிங் தவணை, காப்புறுதி எல்லாவற்றையும் மனைவி அந்தக் கொப்பியை மட்டும் வைத்துக்கொண்டு செய்யட்டும். நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. அவர் உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் கொப்பியில் விடுபட்ட ஒரு வரி, கேட்டவுடன் பதிலைச் சொல்லாமல் எழுதுங்கள். ஃபோனை அணைத்துப் போட்டு அவரே திறந்து பார்க்கட்டும், கூட்டுக் கணக்குக் கார்டில் அவரே ஒருதரம் காசு எடுக்கட்டும். வருடக்கணக்காகப் பாவிக்காத கார்ட் காலாவதியாகிக் கிடப்பது அப்போதுதான் தெரியவரும். அடுத்த முறை சம்பளத்துக்கு வங்கிப் பக்கம் போகும்போது தனியே போகாமல் அவரையும் கூட்டிக்கொண்டு, இருவரின் அடையாள அட்டையோடும் கல்யாணப் பதிவோடும் போங்கள். கூட்டுக் கணக்கின் வகை, ஸ்டாண்டிங் ஓர்டர், வைப்பின் நாமினி மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாம்.